அதே இலாபம், குறைந்த வருமானம்: ஒரு பங்குக்கான கணக்கு எங்கே தவறுகிறது?

ஜொகூர் பிளாண்டேஷன்ஸ் குரூப் 2024 ஜூலை 9ஆம் நாள் புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்டது. ஜொகூர் கார்ப்பரேஷனின் கூலிம் நிறுவனத்தின் கீழ் உள்ள செம்பனைத் தோட்டங்கள் அதன் சொத்து. அப்போது வெளியீட்டு விலை 84 சென். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகளில் சிலர் வாங்கிய முதல் பங்காகக்கூட அது இருக்கலாம்.

வாங்கியவர் ஆண்டறிக்கையைத் திறந்ததும் தேடுவது "ஒரு பங்குக்கான வருமானம்" என்ற எண்ணைத்தான். ஆண்டு இலாபத்தை, ஆண்டு முடிவில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறார். அறிக்கையில் இருக்கும் எண் அதோடு ஒத்துப்போவதில்லை. அறிக்கை தவறா, தம் கணக்கு தவறா என்று குழப்பம்.

தோட்டத்துக் கணக்காகவே இதைப் பார்க்கலாம். ஜூன் வரை ஒரு பிரிவில் 20 பேர் குலை வெட்டினார்கள். ஜூலையில் மேலும் 5 பேர் சேர்ந்தார்கள். ஆண்டு முழுவதும் வெட்டிய குலைகளை 25ஆல் வகுத்து "ஆளுக்கு இவ்வளவு" என்று எழுதினால் கங்காணியே சிரிப்பார். அந்த ஐந்து பேர் பாதி ஆண்டுதான் வேலை செய்தார்கள். கணக்கில் அவர்கள் இரண்டரைப் பேர்.

பங்கும் அப்படியே. இந்தப் பட்டியலிடலில் 464 மில்லியன் புதிய பங்குகள் வந்தன. மொத்தம் 2,500 மில்லியன் ஆனது. அதற்கு முன் இருந்தவை 2,036 மில்லியன். மேலும் 411 மில்லியன் பங்குகள் விற்கப்பட்டன. ஆனால் அவை ஏற்கெனவே இருந்தவை, கை மட்டும் மாறின. எண்ணிக்கையில் அவை புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. புதிய பங்குகளின் பணம் ஜூலையில்தான் நிறுவனத்துக்கு வந்தது. பட்டியலிட்ட நாளிலிருந்து எண்ணினால் ஆண்டு முடிய 176 நாள். 2024 லீப் ஆண்டு என்பதால் 366ஆல் வகுக்க வேண்டும். 464 மில்லியனில் 176/366 பங்கு, ஏறத்தாழ 223 மில்லியன். ஆக, வகுக்க வேண்டிய சராசரி எண்ணிக்கை சுமார் 2,259 மில்லியன். மலேசியாவின் எம்.எஃப்.ஆர்.எஸ். 133 என்ற கணக்கியல் தரம் கேட்பது இந்த நாள் கணக்குச் சராசரியைத்தான்.

இனி இலாபத்தின் பக்கம். அந்த நிறுவனத்தின் உண்மை இலாபத்தை விட்டுவிட்டு, கணக்குக்காக 240 மில்லியன் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தில் முன்னுரிமைப் பங்குகளும் இருப்பதாகவும், அவற்றுக்கு ஆண்டுக்கு 12 மில்லியன் ரிங்கிட் ஈவு தர வேண்டும் என்றும் கற்பனை செய்வோம். ஜொகூர் பாருவில் புக்கிட் இண்டாவைக் கட்டிய எஸ்.பி. செத்தியா 2016இல் இப்படிப்பட்ட பங்குகளைப் புர்சாவில் பட்டியலிட்டது. முன்னுரிமைப் பங்குதாரர் முதலில் எடுத்துக்கொண்ட பிறகே சாதாரணப் பங்குதாரருக்கு மீதி. ஆகவே 240இல் 12 போக 228 மில்லியன். அதை 2,259ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 10.1 சென். இரண்டையும் மறந்து 240ஐ 2,500ஆல் வகுத்தவருக்குக் கிடைத்திருப்பது 9.6 சென்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஈவு சேர்ந்துகொண்டே போகும் வகை முன்னுரிமைப் பங்கு என்றால், இந்த ஆண்டு அறிவிக்காவிட்டாலும் இந்த ஆண்டுக்குரிய 12 மில்லியனைக் கழித்தே ஆக வேண்டும். சேராத வகை என்றால், அறிவித்தால் மட்டும் கழிக்க வேண்டும். பழைய ஆண்டுகளின் நிலுவையை இந்த ஆண்டு கொடுத்தாலும் அதை மறுபடி கழிக்கக் கூடாது; அந்தந்த ஆண்டிலேயே கழித்தாயிற்று.

மறு ஆண்டும் இதே இலாபம், இதே ஈவு என்று வைப்போம். இப்போது 2,500 மில்லியன் பங்குகளும் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. 228ஐ வகுத்தால் 9.1 சென். தோட்டம் ஒரு குலைகூடக் குறைவாகத் தரவில்லை, இருந்தும் எண் 10.1இலிருந்து 9.1க்கு இறங்கிவிட்டது. இதைப் பார்த்துப் பதறி விற்பவர்களும் உண்டு.

பங்குப் பிரிப்புக்கும் போனஸ் பங்குக்கும் விதி வேறு. ஜொகூர் கார்ப்பரேஷன் குழுமத்தைச் சேர்ந்த கே.பி.ஜே. மருத்துவமனை நிறுவனம் 2017இல் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. அதனால் நிறுவனத்துக்குள் புதிதாகப் பணம் எதுவும் வரவில்லை. ஒரு ரொட்டியை நான்காக வெட்டியதுபோல்தான். எனவே நாள் கணக்கு இல்லை. ஆண்டின் முதல் நாளிலிருந்தே நான்கு மடங்கு இருந்ததாக வைத்து, ஒப்பிடக் காட்டும் முந்தைய ஆண்டின் எண்ணையும் நான்கால் வகுத்துத் திருத்த வேண்டும். ஆகவே பழைய ஆண்டறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்துப் புதியதோடு ஒப்பிட வேண்டாம். புதிய அறிக்கையில் பக்கத்துப் பத்தியில் அச்சிட்டிருக்கும் திருத்திய எண்ணையே பார்க்க வேண்டும். வகுத்த பங்கு எண்ணிக்கை, நிதி அறிக்கைக் குறிப்புகளில் "Earnings per share" என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.