காது ஒத்துப்போனால் ஆள் ஒன்றா?

1920 பிப்ரவரியில் பெர்லின் நகரக் கால்வாயில் குதித்த ஒரு பெண்ணைக் காப்பாற்றினார்கள். பிறகு அவர், 1918இல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட ரஷ்ய இளவரசி அனஸ்தாசியா தான்தான் என்றார். அன்னா ஆண்டர்சன் என்ற பெயரில் வாழ்ந்த அவருடைய வழக்கு ஜெர்மன் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இழுத்தது. இரண்டு பேரின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மானுடவியலாளர் ஓட்டோ ரேஹே, ஒன்று இருவரும் ஒரே ஆள், இல்லையென்றால் இரட்டையர் என்றார். 1970களில் மோரிட்ஸ் ஃபுர்ட்மயர் என்ற நிபுணர் வலது காதுகளை ஒப்பிட்டு, 17 இடங்களில் பொருந்துவதாகச் சொன்னார்.

1994இல் மரபணுச் சோதனை நடந்தது. அன்னா ஆண்டர்சனின் திசு ரஷ்ய அரச குடும்பத்தோடு பொருந்தவில்லை. காணாமல் போன ஒரு போலந்துத் தொழிலாளிப் பெண்ணின் உறவினரோடு பொருந்தியது.

காதைப் பார்த்தது தவறில்லை. முகத்தில் நீண்ட காலம் வடிவம் மாறாமல் நிற்பதில் காதுக்கு இணையாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பொருந்தும் இடங்களை மட்டும் எண்ணியதுதான் தவறு. ஒற்றுமை தற்செயலாகவும் கிடைக்கும். விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு இருந்தால் அது வேறு ஆள். அதனால் வீட்டில் பழைய படமும் புதிய படமும் வைத்துப் பார்க்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது வேறுபாட்டைத்தான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்களின் சட்டைப் பை அணிந்தவருக்கு இடப்பக்கம், அதாவது பார்க்கும் நமக்கு வலப்பக்கம் இருக்கும். சேலையின் முந்தானையும் பெரும்பாலும் அப்படித்தான். மாறியிருந்தால், இடது காதை வலது காது என்று நினைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரே ஆளின் இரண்டு காதுகளே அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

அடுத்து, தலை ஏறக்குறைய ஒரே கோணத்தில் திரும்பியிருக்கும் படங்களாக எடுங்கள். ஸ்கேல் வைத்து மூக்கையும் நெற்றியையும் அளக்க வேண்டாம். ஓரடித் தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஸ்டுடியோ படத்தையும் செல்ஃபியையும் வைத்து அளந்தால் ஒரே ஆளே இரண்டு ஆளாகிவிடுவார்.

இப்போது காதுக்கு வரலாம். வெளி விளிம்பு மேலே எப்படி மடிகிறது, நடுவே எங்கே தட்டையாகிறது, உள்ளே ஓடும் இரண்டாவது வரம்பு மேலே எப்படிக் கிளை பிரிகிறது, துளைக்கு முன்னால் நிற்கும் சிறு மேடு கூரா மழுங்கலா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் படத்தில் பார்த்ததை எழுதி வைத்துவிட்டு, பிறகு இரண்டாவதைத் திறங்கள். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால், ஒன்றில் கண்டதைக் கண் மற்றதிலும் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

காதின் கீழ்ப்பகுதி, தோடு போடும் சதை, அத்தனை நம்பகமானதல்ல. வயதாக ஆகக் காது நீள்கிறது, ஆண்டுக்கு 0.22 மில்லிமீட்டர் என்று 1995இல் இங்கிலாந்தில் அளந்தார்கள். ஐம்பது ஆண்டில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல். நம் பாட்டிமார் பாம்படம் போட்டு வளர்த்த காதில் இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டியதுதான். மேல் பாதியைப் பாருங்கள்.

மூக்கின் நுனி இறங்கும், இமை தொங்கும், பல் போனால் மூக்குக்கும் மோவாய்க்கும் இடைவெளி சுருங்கும். கன்னத்தின் பருமனையும் முன்நெற்றி முடியையும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். மச்சமும் தழும்பும் பெரிய உதவி. ஆனால் பழைய அச்சில் மச்சம் போல் இருப்பது பூஞ்சைப் புள்ளியாகவும் இருக்கலாம். வேறொரு படத்திலும் அதே இடத்தில் இருந்தால்தான் அது மச்சம்.

தாத்தாவின் இருபது வயதுப் படம் என்று நினைக்கும் ஒன்றையும், அவருடைய எழுபது வயதுப் படத்தையும் எடுத்துக்கொள்வோம். மூக்கு நீண்டிருக்கிறது, காது பெரிதாகியிருக்கிறது. இரண்டுக்கும் வயதே காரணமாக இருக்கலாம். ஆனால் இளைஞரின் காது விளிம்பு மேலே நன்றாகச் சுருண்டு மடிந்திருக்க, முதியவரின் விளிம்பு அதே இடத்தில் மடிப்பே இல்லாமல் தட்டையாக இருந்தால், வயது அதைச் செய்யாது. அடிபட்ட காதாக இல்லாவிட்டால், அந்த இளைஞர் தாத்தாவின் அண்ணனாகவோ பங்காளியாகவோ இருக்கலாம். விளிம்பும் ஒத்துப்போகிறது என்றால், ‘தாத்தாவாக இருக்கலாம்’ என்று பென்சிலால் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். அண்ணன் தம்பிக்கும் காது ஒன்றுபோல் அமைவதுண்டு.