இரவு 2.15, சர்க்கரை 46

வார்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்தால் நர்ஸ் என்ன செய்கிறார்? எதை எழுதி வைக்கிறார்?

"சிஸ்டர், அம்மாவுக்கு நைட்டி முழுக்க நனைஞ்சு போச்சு. கூப்பிட்டா என்னமோ உளறுறாங்க."

மெடிக்கல் வார்டில் பின்னிரவு நேரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால், அனுபவமுள்ள நர்ஸ் முதலில் எடுப்பது குளுக்கோமீட்டரை. விளக்குவதற்காக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 64. காலில் புண்ணோடு சேர்ந்தவர். சிறுநீரகம் கொஞ்சம் பழுதுபட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். இரவு 7.30 மணிக்கு 30/70 கலவை இன்சுலின் 25 யூனிட் போடப்பட்டது. நான்கு இட்லியில் ஒன்றரைதான் சாப்பிட்டார். குமட்டல் என்று மீதியை ஒதுக்கிவிட்டார்.

இன்சுலினுக்கு அந்த மீதி இட்லியின் கணக்கு தெரியாது. கலவையின் 30 பங்கு சாதாரண இன்சுலின் சாப்பாட்டுக்கானது. மிச்சமுள்ள 70 பங்கு மெதுவாகக் கிளம்பி, நான்கு முதல் பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். 7.30 மணி ஊசிக்கு அது நள்ளிரவுக்குச் சற்று முன்னால் தொடங்கி விடியும்வரை நீளும் நேரம். பழுதுபட்ட சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகவே வெளியேற்றுவதால், ஊசியின் வேகம் இன்னும் நெடுநேரம் நிற்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

வார்டில் 70 மி.கி.க்குக் கீழே வந்தாலே அது தாழ்சர்க்கரை. சிகிச்சை தொடங்க வேண்டும். 54க்குக் கீழே போனால் மூளைக்குப் போதுமான சர்க்கரை கிடைக்காமல் குழப்பம், உளறல், எரிச்சல், தூக்க மயக்கம் வரலாம். எண் எவ்வளவாக இருந்தாலும், அடுத்தவர் உதவியில்லாமல் மீள முடியாத அளவுக்கு நினைவு தடுமாறினால் அது கடுமையான நிலை.

நடுக்கமும் படபடப்பும் முதலில் வரும் என்பது வழக்கமான பாடம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் இந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை அவை அமுக்குவதில்லை. அதனால்தான் நனைந்த நைட்டி இங்கே நல்ல தடயம். தூங்குகிற நோயாளியிடம் வேறு தடயமே கிடைக்காமலும் போகலாம்.

மீட்டரும் ஏமாற்றும். பழம் உரித்த விரலில் குத்தினால் 46 இருக்க வேண்டிய இடத்தில் 130 காட்டலாம். விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்தபின் குத்த வேண்டும். மீட்டர் சரி என்றாலும் ஆள் சரியில்லை என்று தோன்றினால் வேறு விரலில் மறுபடி பார்க்க வேண்டும். அறிகுறி தெளிவாக இருந்து மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

பதினைந்து கிராம், பதினைந்து நிமிடம்

மீட்டர் 46 என்றது. அடுத்த கேள்வி: விழுங்க முடியுமா? நம் நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்; சொன்னதைக் கேட்டு ஒரு வாய் தண்ணீரை இருமாமல் விழுங்கினார். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடர், அதாவது சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுக்கப்பட்டது. டியூட்டி டாக்டருக்கும் அப்போதே தகவல் போனது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70ஐத் தாண்டாவிட்டால் அதே அளவு மறுபடி. மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாகக் கொடுக்கும் கட்டம் வந்துவிட்டது.

குளுக்கோஸ் இல்லையென்றால் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது கை கொடுக்காது. சர்க்கரை உடைந்து குளுக்கோஸாவதையே அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இன்சுலின் டிரிப்ஸ் ஓடினால் நிறுத்தி, டாக்டரை அழைத்து, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யை நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். அதில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தசை புண்ணாகும் என்பதால் லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே போட வேண்டும். நரம்பு கிடைக்காவிட்டால் தசையில் குளுக்ககான் 1 மி.கி. ஊசி. கல்லீரலில் இருக்கும் சேமிப்பை வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. பட்டினி கிடந்தவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் சேமிப்பே இல்லாததால் பலன் குறைவு.

அட்டவணை என்ன சொல்கிறது?

அன்றிரவு கேஸ் ஷீட்டில் ஏறிய தாள் இது:

| நேரம் | சர்க்கரை (மி.கி./டெ.லி.) | நிலை | கொடுத்தது |
|---|---|---|---|
| 2.15 | 46 | வியர்வை, உளறல், விழுங்குகிறார் | குளுக்கோஸ் 15 கிராம் (2.17), டாக்டருக்குத் தகவல் (2.20) |
| 2.32 | 62 | பெயர் சொல்கிறார் | குளுக்கோஸ் 15 கிராம் |
| 2.47 | 88 | தெளிவு | பால் ஒரு டம்ளர், மேரி பிஸ்கட் 4 |
| 3.45 | 96 | தூங்குகிறார், வியர்வை இல்லை | ஒன்றுமில்லை |
| 6.00 | 132 | தெளிவு | ஒன்றுமில்லை |

கடைசி இன்சுலின்: 30/70 கலவை, 25 யூனிட், இரவு 7.30
கடைசி உணவு: இட்லி ஒன்றரை, இரவு 8.00
காரணம்: சாப்பாடு குறைவு, குமட்டல், கிரியாட்டினின் 2.1
அடுத்த டோஸ்: காலை ரவுண்ட்ஸில் முடிவு செய்ய வேண்டும்

88 வந்தபின் பாலும் பிஸ்கட்டும் எதற்கு? குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊசியின் உச்சமோ இன்னும் முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

தாளின் கீழ்ப்பகுதியை நிரப்பாமல் விடுவது வார்டுகளில் அடிக்கடி நடக்கிற பிழை. அதன் விலை காலையில் தெரியும். பதற்றத்தில் கால் டப்பா குளுக்கோஸை வாரிக் கொடுத்து, எதையும் எழுதாமல் விட்டிருந்தால், காலையில் மீட்டர் 238 என்று காட்டியிருக்கலாம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கண்ணில் படுவது 238 மட்டுமே. "சுகர் ஏறியிருக்கு, ராத்திரி டோஸைக் கூட்டுங்க" என்பார். அடுத்த இரவு அதே நோயாளி இன்னும் ஆழமாகத் தாழ்வார்.

இங்கே தாள் இருந்ததால் பேச்சு வேறு திசையில் போனது. காலை இன்சுலினை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முற்றிலும் நிறுத்தினால் சர்க்கரை எகிறும், முதல் வகை நீரிழிவுக்காரருக்கு உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டுத் தட்டு வந்து, சாப்பிடும் நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தபின் ஊசி போடப்பட்டது. இரவு டோஸ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 20 யூனிட் ஆனது. குமட்டலுக்கு மாத்திரை எழுதப்பட்டது. சிரிஞ்சையும் சரிபார்த்தார்கள்: 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். இங்கே பாட்டிலும் சிரிஞ்சும் இரண்டுமே 40. அந்தக் காரணம் விலகியது.

டாக்டர் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "இன்றிரவு 2 மணிக்குச் சர்க்கரை பார்க்கவும்." மறுநாள் காலை அந்த வரிக்கு எதிரே நைட் டியூட்டி நர்ஸின் கையெழுத்தில் இருந்தது: 2.05 மணி, 118.