காலியா என்று சொல்ல முடியாத தானியங்கி

நேரியல் வரம்புத் தானியங்கி என்பது எல்லை கட்டப்பட்ட டூரிங் இயந்திரம். உள்ளீடு நாடாவில் எத்தனை கட்டங்களை நிரப்புகிறதோ, அத்தனைக்குள்ளேயே அது எழுதலாம், அழிக்கலாம். அதற்கு மேல் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

5 நிலைகளும் 3 எழுத்துகளும் கொண்ட தானியங்கிக்கு 10 எழுத்து உள்ளீடு கொடுத்தால், அதற்கு வாய்க்கக்கூடிய நிலவரங்கள் மொத்தம் 5 × 10 × 3^10, அதாவது 29,52,450. அத்தனை அடி வைத்த பிறகும் நிற்கவில்லையென்றால், ஏதோ ஒரு நிலவரம் திரும்ப வந்துவிட்டது. இனி அது நிற்கப்போவதில்லை. ஆகவே, ‘இந்தத் தொடரை ஏற்குமா?’ என்ற கேள்விக்கு எப்போதும் விடை உண்டு.

‘எந்தத் தொடரையாவது ஏற்குமா, இல்லை அதன் மொழியே காலியா?’ என்று கேட்டால், எல்லாத் தானியங்கிகளுக்கும் பொருந்தும் வழிமுறையே கிடையாது.

காரணம் இதுதான். நாடா வரம்பற்ற டூரிங் இயந்திரம் M, அதற்கான உள்ளீடு w என்று வைத்துக்கொள்வோம். w-ஐ M ஏற்குமா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது. 1936-இல் ஆலன் டூரிங் தொடங்கிவைத்த வாதம் அது. M ஏற்றுக்கொண்டால், தொடக்கம் முதல் முடிவுவரை அது கடந்த நிலவரங்களை `#` இட்டு வரிசையாக எழுதிவிடலாம். இதுவே ஏற்புக் கணிப்பு வரலாறு.

ஓர் உதாரணம். தொடக்க நிலை p. p-யில் 0-வைப் படித்தால் 1 என்று எழுதி, வலப்பக்கம் நகர்ந்து, q-வுக்குப் போக வேண்டும். q-வில் 1-ஐப் படித்தால் அதை அப்படியே விட்டு, இடப்பக்கம் நகர்ந்து, ஏற்பு நிலை r-க்குப் போக வேண்டும். உள்ளீடு 01 என்றால் வரலாறு இது (நிலையின் எழுத்து, படிக்கப்படும் கட்டத்துக்கு முன்னால் நிற்கிறது):

```
#p01#1q1#r11#
```

இப்போது, இத்தகைய வரலாற்றைச் சரிபார்க்க மட்டுமே B என்றொரு தானியங்கியைக் கட்டுகிறோம். முதல் நிலவரம் w-உடன் தொடங்குகிறதா, கடைசியில் ஏற்பு நிலை இருக்கிறதா, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து விதிப்படி வந்ததா என்று அது பார்க்கும். அடுத்தடுத்த இரு நிலவரங்களுக்கிடையே போய்வந்து, பார்த்த எழுத்துகளுக்குக் குறியிட்டு ஒப்பிடும். நிலைக்குறியை ஒட்டிய ஓரிரு கட்டங்கள் விதிப்படி மாறியிருக்க வேண்டும்; மற்றவை மாறியிருக்கக் கூடாது. `#p01#1q0#` என்று யாராவது எழுதினால், தலை தொடாத 1 எப்படி 0 ஆனது என்று அங்கேயே பிடித்துவிடும்.

கணக்கு எழுதுவது வேறு, எழுதிய கணக்கைத் தணிக்கை செய்வது வேறு. M ஓட எவ்வளவு இடம் தேவைப்பட்டாலும், அத்தனையும் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரலாறுதான் B-யின் உள்ளீடு என்பதால், அதன் கட்டங்களே சரிபார்க்கப் போதும்.

M அந்த w-ஐ ஏற்றால் B ஏற்பதற்கு ஒரு வரலாறு இருக்கும். ஏற்காவிட்டால் ஒன்றும் இருக்காது. B-யை நாம் ஓட்டவே வேண்டாம், M-இலிருந்து கட்டி முடித்தாலே போதும். B காலியா என்று சொல்லும் வழிமுறை இருந்தால், M ஏற்குமா என்பதையும் அதுவே சொல்லிவிடும். அது இயலாது, ஆகவே இதுவும் இயலாது.

காலியில்லாத தானியங்கியை, தொடர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து என்றாவது கண்டுபிடித்துவிடலாம். காலியானதைக் காலி என்று உறுதிசெய்யத்தான் பொதுவழி இல்லை.