சொல்லுக்கா, மணிக்கா, மொத்தமாகவா?

“சொல்லுக்கு எவ்வளவு வாங்குறீங்க?” ஃப்ரீலான்ஸாக எழுதுபவரிடமும் மொழிபெயர்ப்பவரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன், அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டும்.

ஒரு மருத்துவமனை, 6,000 சொற்கள் கொண்ட ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேச்சு. எந்த மொழியின் சொல் என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். மொழிபெயர்ப்பு 4,500 சொற்களில் முடிந்தால், ஆங்கிலக் கணக்கில் 9,000 ரூபாயாக இருப்பது தமிழ்க் கணக்கில் 6,750 ஆகிவிடும். உழைப்பு மட்டும் குறையாது. எனவே மூலத்தின் சொற்களை எண்ணுவதே நியாயம். மொத்தத் தொகை இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்தும்விடும்.

மணிக்கு 300 சொல் வீதம் 20 மணி நேரம், சரிபார்க்க 4 மணி நேரம். 9,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் மணிக்கு 375 ரூபாய். இந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாளரும் தன் வேலைகளில் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். மற்ற இரண்டு முறைகளுக்கும் இதுதான் அடிப்படை.

அதே மருத்துவமனை, வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பை அனுப்பி, “சும்மா ஒருமுறை பார்த்துக் கொடுங்க” என்றால் சொல் கணக்குக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. அது நாலு பிழைகளோடு முடியலாம்; முழுவதையும் திரும்ப எழுத வைக்கவும் செய்யலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அதை வைத்து, இத்தனை மணி நேரத்தைத் தாண்டாது என்று உச்சவரம்பு சொல்லி, மணிக் கணக்கில் பேசுங்கள். கொடுப்பவருக்கும் பயம் இருக்காது.

மூன்றாவது, 400 சொல்லில் ஒரு விளம்பர மடிப்பிதழ். சொல்லுக்கு 3 ரூபாய் என்றாலும் 1,200தான் வரும். ஆனால் மருத்துவர்களைச் சந்திக்க 3 மணி, எழுத 4 மணி, திருத்த 3 மணி. மணிக்கு 375 என்றால் 3,750. இழுத்தடிப்புக்குக் கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 4,700. சுருக்கி எழுதுவதற்கே அதிக உழைப்பு தேவைப்படும் இத்தகைய வேலைக்கு மொத்தத் தொகைதான் பொருந்தும்.

மொத்தத் தொகையில் கையைக் கடிப்பது திருத்தம்தான். மேலாளர் பார்த்த பிறகு இயக்குநர், அவருக்குப் பிறகு இன்னொருவர் என்று அது நீளும். இரண்டு முறை திருத்தம் தொகைக்குள் அடங்கும், அதற்கு மேல் மணிக் கணக்கு, பாதித் தொகை முன்பணம் என்று மின்னஞ்சலில் எழுதி, ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

மூலம் கையில் இருந்தால் சொல். அளவு தெரியாவிட்டால் மணி. எல்லை தெளிவாக இருந்து சொற்கள் குறைவாக இருந்தால் மொத்தம். எதைச் சொன்னாலும் உங்கள் மணிக் கணக்குக்குக் கீழே இறங்காதீர்கள்.