குழுக்களிலிருந்து பிறக்கும் மூன்று அறிக்கைகள்

ஈஆர்பி மென்பொருளுக்குள் ஐந்தொகை தனியே எழுதி வைக்கப்படுவதில்லை. உள்ளே இருப்பவை பேரேட்டுக் கணக்குகளும் அவற்றைச் சேர்த்துக் கட்டிய குழுக்களும்தான். எந்தக் குழு எந்த வரியில் வர வேண்டும், எந்தக் குறியுடன் வர வேண்டும் என்று சொல்லும் வடிவமைப்பே அறிக்கையை உருவாக்குகிறது. சொத்து, பொறுப்பு, மூலதனம் ஆகியவை ஐந்தொகைக்குப் போகும். வருமானமும் செலவும் லாப நட்டக் கணக்குக்குப் போகும். அங்கே கிடைக்கும் லாபம் மூலதனத்தின் கீழ் வந்து சேர்ந்தால்தான் ஐந்தொகையின் இரு பக்கமும் சமமாகும்.

சில கணக்குகள் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. வங்கி நடப்புக் கணக்கில் பணம் இருந்தால் அது சொத்து; ஓவர்டிராஃப்டுக்குப் போனால் கடன். சாப் மென்பொருளின் OB58 திரையில் ஒரே கணக்கைப் பற்று இருப்புக்கு ஓரிடத்திலும் வரவு இருப்புக்கு வேறிடத்திலும் பொருத்தும் வசதி இதற்காகவே உள்ளது.

ரொக்க ஓட்ட அறிக்கைதான் உண்மையில் கடினம். அது இருப்புகளைக் காட்டுவதில்லை. இரு தேதிகளுக்கு இடையே குழுக்களில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டுகிறது. ஒரு சிறு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். வரி இல்லை என்று கொண்டால் ஆண்டு லாபம் 5 லட்சம் ரூபாய், தேய்மானம் 1 லட்சம். வாடிக்கையாளர் பாக்கி 3 லட்சமும், தர வேண்டிய பாக்கி 2 லட்சமும் கூடியுள்ளன. தொழில் நடவடிக்கையில் வந்த ரொக்கம் 5 + 1 − 3 + 2, அதாவது 5 லட்சம். 6 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கி, 3 லட்சம் கடன் பெற்றிருந்தால், கையிருப்பு 2 லட்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

திரண்ட தேய்மானமும் இயந்திரமும் ஒரே குழுவில் இருந்தால், அந்தக் குழுவின் நிகர மாற்றம் 5 லட்சம்தான். வடிவமைப்பு அதையே முதலீடாக எடுத்தால் ரொக்க உயர்வு 3 லட்சம் என்று வரும். வங்கி இருப்போடு ஒப்பிட்டதும் 1 லட்சம் உதைக்கும். அது தேய்மானத் தொகையே என்பதால் பிழையை எளிதில் பிடித்துவிடலாம்.

அடுத்த பிழை இதைவிட ஆபத்தானது. கூடிய 2 லட்சம் பாக்கியில் 1 லட்சம் இயந்திரம் விற்றவருக்குத் தர வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் தொழில் ரொக்கம் 4 லட்சம். இயந்திரத்துக்காக வெளியேறியது 5 லட்சம். மூலப்பொருள் விற்றவர்களோடு இவரையும் ஒரே குழுவில் போட்டதால் தொழில் 1 லட்சம் செழிப்பாகத் தெரிகிறது. மொத்தமோ அப்போதும் 2 லட்சம்தான். கூட்டுத்தொகை எதையும் காட்டிக்கொடுக்காது.

ஆகவே மூலதனப் பொருள் விற்றவர்களுக்குத் தனிக் குழுவும் திரண்ட தேய்மானத்துக்குத் தனிக் குழுவும் பதிவுகள் தொடங்கும் முன்பே வேண்டும். டாலி போன்ற மென்பொருளில் கணக்கைப் பிறகு வேறு குழுவுக்கு மாற்றினால், சென்ற ஆண்டுக்கான அறிக்கையும் சேர்ந்தே மாறும். தணிக்கையாளர் கையெழுத்திட்ட பிரதியோடு அது பிறகு ஒத்துப்போகாது.