பேனா வரைக்கும் சரி, தம்பி

எங்கள் அலுவலகத்தில் ஓர் அண்ணன் ஓய்வு பெற்ற நாள். பிரிவுபசார விழாவில் அவரைக் கலாய்ப்பதென்று இளைஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். யாரிடம் பேனா வாங்கினாலும் திருப்பித் தராமல் சட்டைப்பையில் செருகிக்கொள்வது அவர் வழக்கம். நான்கு பேர் மாறி மாறி அதை வைத்தே ஓட்டினார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து, பேசுகிறவர் முகத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். இடையில் எழுந்து மறுக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கடைசியில் மைக் அவரிடம் வந்தது. பையிலிருந்து மூன்று பேனாக்களை எடுத்து மேசையில் வைத்தார். "யாருதுன்னு பார்த்து எடுத்துக்குங்க. நாளைக்கு வந்து கேட்டா கிடைக்காது" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கலாய்க்கப்படுகிறவர் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். 'ரோஸ்ட்' என்று இன்று நாம் சொல்லும் நிகழ்ச்சியை நியூயார்க்கின் ஃப்ரையர்ஸ் கிளப் சென்ற நூற்றாண்டில் பிரபலமாக்கியது. அங்கே முக்கிய விருந்தினரை மேடையில் உட்கார வைத்து ஒவ்வொருவராக வறுத்தெடுப்பார்கள். கடைசிப் பேச்சு மட்டும் அவருக்கு. முறை வரும்வரை அவர் பொறுத்திருக்கலாம், வந்ததும் சுருக்கமாகத் திருப்பிக் கொடுக்கலாம். வாய்விட்டுச் சிரிக்க வராதபோது சிரித்து நடிக்கத் தேவையில்லை, புன்னகை போதும். "அப்படியெல்லாம் இல்லை, அன்னைக்கு நடந்தது என்னன்னா..." என்று தொடங்கினால்தான் சிக்கல். நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் அடுத்த கிண்டலுக்குத் தீனி. உண்மை இருந்தால் அந்த அண்ணனைப் போல ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஒப்புக்கொண்ட குறையை வைத்து அதற்கு மேல் யாராலும் நெடுநேரம் ஓட்ட முடியாது.

அதே விழாவில் இன்னொன்றும் நடந்தது. கடைசியாகப் பேச வந்த பையன், அண்ணனின் மகன் பரீட்சையில் தவறியதை இழுத்தான். அண்ணனின் சிரிப்பு நின்றது. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பேனா வரைக்கும் சரி, தம்பி. பையனை விட்டுடு." அவன் உடனே பேச்சை மாற்றிக்கொண்டான். விழா கெடவில்லை.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2016 செப்டம்பரில் நடிகை தனிஷ்டா சாட்டர்ஜி, தான் நடித்த 'பார்ச்ட்' படத்தின் விளம்பரத்துக்காக ஓர் இந்தித் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனார். வறுப்பார்கள் என்பது தெரிந்தேதான் போனார். ஆனால் அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய கறுப்பு நிறம் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து எவ்வளவு நாவல்பழம் சாப்பிட்டீர்கள் என்கிற கேள்வியும் அதில் ஒன்று. முதல் சுற்றோடு நின்றுவிடும் என்று நினைத்துக் காத்திருந்தார். அடுத்த சுற்றிலும் அதுவே தொடர்ந்தது. போதும் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். ரோஸ்ட் என்று முன்பே சொன்னோமே என்றார்கள். வறுப்பதற்கும் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவர் பிறகு பேஸ்புக்கில் விரிவாக எழுதினார்.

அந்த வித்தியாசத்தை அந்த இடத்திலேயே எப்படிக் கண்டுகொள்வது? பேனாவைத் திருப்பித் தராதது ஒருவர் செய்கிற காரியம். அதற்கு அவரே பதில் சொல்லலாம், சிரிக்கலாம், நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். தோல் நிறம், சாதி, உடல், வீட்டில் நடந்த துக்கம் ஆகியவை ஒருவர் செய்த காரியம் அல்ல. அங்கே மைக் கையில் வந்தாலும் திருப்பிச் சொல்ல எதுவும் இருக்காது. கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைக் காட்சிகளைத் தமிழ் சினிமாவில் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இன்னோர் அடையாளமும் உண்டு. ஒரே விஷயத்தையே மூன்றாவது முறையும் சொல்கிறார்கள், கூட்டத்தில் பாதிப்பேர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள் என்றால், அது விளையாட்டைத் தாண்டிவிட்டது.

போதும் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. எந்த விஷயம் வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், மற்றதற்குத் தடை போடாதீர்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் அது விவாதமாகிவிடும். சொல்லும்போது சிரிக்காதீர்கள். சிரித்துக்கொண்டே சொன்ன 'வேண்டாம்' யார் காதிலும் விழாது. "சும்மா ஜோக்குப்பா" என்பார்கள். "ஜோக்குன்னு தெரியும். இது மட்டும் வேண்டாம்" என்று அதே குரலில் இன்னொரு முறை சொல்லுங்கள். கலாய்ப்பவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்வது கடினம். தனிஷ்டா பேசியதும் மேடைக்கு வெளியேதான். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் எழுந்து போவதில் தப்பே இல்லை.

தனிஷ்டா எழுதியதைப் பலரும் படித்துப் பகிர்ந்த பிறகு, அந்தச் சேனல் அவரிடம் வருத்தம் தெரிவித்தது.