மலேசியா வீட்டு வாடகை: வரித்துறை கேட்டால் எதைக் காட்டுவது?



நவம்பர் கடைசியில் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் கைப்பேசியோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். வருமான வரித்துறையிடமிருந்து அவருக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. வெளிநாட்டில் அவருக்குச் சொத்தோ வருமானமோ இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது, அது அவருடைய கணக்கில் காட்டப்படவில்லை, சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

கோலாலம்பூரில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு 2019-ல் ஊர் திரும்பியவர் அவர். அங்கே வாங்கிய அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகை அங்குள்ள வங்கிக் கணக்கில் சேர்கிறது, வரியையும் அங்கே ஒழுங்காகக் கட்டி வருகிறார். "அங்கே வரி கட்டிய பிறகு இங்கே எதற்குக் காட்டணும்? வாப்பா காலத்திலிருந்து யாரும் காட்டினதில்லையே" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மலேசியாவில் இருந்த ரப்பர் தோட்ட வருமானம் பற்றிய குழந்தகன் செட்டியார் வழக்கில், அந்நாளைய ஒப்பந்தத்தின்படி அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பகுதிகளில் இன்றும் உலவும் நம்பிக்கைக்கு அதுவே வேர். ஆனால் 2008-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒப்பந்தத்தில் 'அந்த நாட்டில் வரி விதிக்கப்படலாம்' என்றிருந்தால், அந்த வருமானத்தை இந்தியக் கணக்கிலும் சேர்க்க வேண்டும், அங்கே கட்டிய வரிக்கு இங்கே நிவாரணம் பெறலாம் என்பதே அதன் பொருள். 2012-ல் கையெழுத்தான இந்திய-மலேசியப் புதிய ஒப்பந்தத்தில் வீட்டு வருமானத்துக்கு இதே சொல்தான் இருக்கிறது. ஆகவே வாப்பா காலத்து நடைமுறை இப்போது செல்லாது.

தகவல் எப்படிப் போகிறது என்றும் கேட்டார். வீட்டின் பத்திரம் போவதில்லை. வங்கிக் கணக்குதான் போகிறது. மலேசிய வங்கிகள் இந்திய முகவரி உள்ள வாடிக்கையாளர்களின் கணக்கு விவரத்தைத் தங்கள் அரசுக்குத் தருகின்றன. அது ஆண்டுதோறும் இந்திய அரசுக்கு வந்து சேர்கிறது. வாடகை சேரும் கணக்கைப் பிடித்துத்தான் கேள்வி வருகிறது.

யார் காட்ட வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து திரும்பிய உடனே இந்தக் கடமை வந்துவிடாது. நீண்ட காலம் வெளியே இருந்தவருக்கு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற நிலை பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு வீட்டு வாடகை அங்கேயே பெறப்பட்டால் இங்கே வரி இல்லை. அது முடிந்ததும் உலகில் எங்கே வரும் வருமானமும் இந்தியக் கணக்கில் சேரும். எந்த ஆண்டு அந்த நிலை முடிந்தது என்பதை, பாஸ்போர்ட்டின் வருகை, புறப்பாடு முத்திரைகளை வைத்து முதலில் நாள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நம் சகோதரருக்கு அது 2022-ல் முடிந்துவிட்டது.

வீடு காலமான வாப்பாவின் பெயரிலேயே இருக்கும் குடும்பங்களும் உண்டு. வாடகை மூத்த மகனின் கணக்கில் வந்தாலும், அது முழுவதும் அவருடைய வருமானம் ஆகாது. ஷரீஅத் பாகப்படி வாரிசு ஒவ்வொருவருக்கும் பங்கு நிச்சயமாக இருப்பதால், அவரவர் பங்கை அவரவர் கணக்கில் காட்ட வேண்டும். வாரிசுச் சான்றும், பாகம் எழுதிய தாளும், உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் பணம் அனுப்பிய ரசீதுகளும் இதற்கு ஆதாரம்.

வாடகை ஒப்பந்தம் எதற்கு?

சகோதரரின் வங்கிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 1,400 ரிங்கிட் வரவாகியிருந்தது. ஒரு மாதம் மட்டும் கூடுதலாக 3,000 ரிங்கிட். வங்கித் தாளை மட்டும் பார்த்தால் வாடகை 1,400 என்றும், அந்த 3,000-மும் வருமானம் என்றும் தோன்றும். இரண்டும் தவறு.

முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தோம். மாத வாடகை 1,500 ரிங்கிட். அதில் நூறை ஏஜெண்ட் தன் கூலியாகப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார். இந்தியக் கணக்கில் காட்ட வேண்டியது 1,500. ஏஜெண்ட் கூலியை இங்கே தனியாகக் கழிக்க முடியாது. 3,000 என்பது புதிய குடியிருப்பாளர் கொடுத்த இரண்டு மாத முன்பணம். வெளியேறும்போது திருப்பித் தர வேண்டியது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் அது வருமானம் ஆகாது. வீடு சில மாதம் காலியாக இருந்திருந்தால், பழைய ஒப்பந்தம் முடிந்த தேதியும் புதியது தொடங்கிய தேதியும் அதற்குச் சாட்சி. ஏஜெண்ட் தரும் மாதக் கணக்குத் தாளையும் இத்துடன் சேர்த்து வைக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வாடகை 18,000 ரிங்கிட். இதை ரூபாயாக்க, மார்ச் 31 அன்று ஸ்டேட் வங்கி அறிவித்த தந்தி மாற்றுக் கொள்முதல் விலையை எடுக்க வேண்டும். கணக்குக்காக ஒரு ரிங்கிட் 19 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 3,42,000 ரூபாய் ஆகிறது. பராமரிப்புக்காகச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு 1,02,600 போக, வருமானம் 2,39,400.

சகோதரருக்கு ஊரில் கடை வாடகையாகக் கழிவுகள் போக 10,00,000 ரூபாய் வருமானம். புதிய வரி முறையில் அதற்கு 52,000 ரூபாய் வரியை ஏற்கெனவே கட்டிவிட்டார். மலேசிய வாடகையைச் சேர்த்தால் மொத்தம் 12,39,400. அதற்கு வரி, செஸ் உட்பட 91,395.

மலேசியாவில் அவர் கட்டியது என்ன? அங்கே வசிக்காதவர்களுக்கு அடிப்படை விலக்கு இல்லாமல் நேராக 30 சதவீத வரி. பராமரிப்புக் கட்டணம், ஏஜெண்ட் கூலி போன்ற செலவு 4,000 ரிங்கிட் போக, 14,000-க்கு 4,200 ரிங்கிட் கட்டியிருக்கிறார். நம் பணத்தில் சுமார் 79,800 ரூபாய்.

இந்த 79,800-ம் கழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிநாட்டில் கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இங்கே விழும் வரி, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் நிவாரணம். மொத்த வருமானத்தில் அவருக்கு விழும் சராசரி வரி சுமார் 7.37 சதவீதம். 2,39,400-க்கு அந்த விகிதத்தில் 17,654 ரூபாய். நிவாரணம் அவ்வளவுதான். மலேசியாவில் கூடுதலாகக் கட்டியது இங்கே திரும்பக் கிடைக்காது.

ஆக 91,395-ல் 17,654 போனால் 73,741. ஏற்கெனவே கட்டிய 52,000 போக, இன்னும் 21,741 ரூபாயும் தாமதத்துக்கான வட்டியும் கட்ட வேண்டும். கேட்டதும் சகோதரருக்கு வருத்தம்தான். நிவாரணம் கேட்காமல் விட்டிருந்தால் அது 39,395 ஆகியிருக்கும் என்பதையும் சொன்னோம்.

வெளிநாட்டு வரிக்கு எது சான்று?

நிவாரணம் கேட்க வருமான வரி இணையதளத்தில் Form 67 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதனுடன் வரி கட்டிய சான்று வேண்டும். மலேசிய உள்நாட்டு வருவாய் வாரியத்தில் கணக்குத் தாக்கல் செய்த ஒப்புகையும், வரி செலுத்திய அதிகாரபூர்வ ரசீதும் போதும். ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'வரி கட்டியாச்சு' என்ற செய்தி சான்று ஆகாது. ரசீதில் உங்கள் பெயரும், எந்த ஆண்டுக்கான வரி என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய வரியை ரூபாயாக்க, கட்டிய மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி விலையை எடுக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மலேசியாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை, நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே நம் ஒரு நிதியாண்டில் அவர்களின் ஓர் ஆண்டு வரியில் ஒன்பது மாதப் பங்கும், அடுத்த ஆண்டு வரியில் மூன்று மாதப் பங்கும் வரும். பின்னதற்கான ரசீது தாமதமாகத்தான் கிடைக்கும். சகோதரருக்கு இது தொல்லையாகவில்லை. 2024-ம் ஆண்டு வரியின் ஒன்பது மாதப் பங்கே 3,150 ரிங்கிட், அதாவது 59,850 ரூபாய். 17,654 என்ற வரம்பை அது ஒன்றே தாண்டிவிட்டது.

எங்கே, எப்போது காட்டுவது?

வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் ITR-1 அல்லது ITR-4 படிவம் போடக்கூடாது. தொழில் வருமானம் இல்லாதவருக்கு ITR-2. அதில் மூன்று அட்டவணைகளைப் பாருங்கள். Schedule FSI-ல் வாடகை வருமானம், Schedule TR-ல் நிவாரணம், Schedule FA-ல் வீடும் வங்கிக் கணக்கும். 2024-25 நிதியாண்டுக் கணக்கில், கடைசி அட்டவணைக்கு மட்டும் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான விவரம் தர வேண்டும். வாடகையே வராத பூட்டிய வீடானாலும் இதில் வர வேண்டும். சொத்தை மறைத்தால் 2015-ம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 20 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துகளுக்குத் தந்த சலுகை வீடு, நிலத்துக்குப் பொருந்தாது.

2024-25 நிதியாண்டுக் கணக்கைத் திருத்த 2025 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது. Form 67-க்கு 2026 மார்ச் 31 வரை நேரம் இருந்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாகவே முடிப்பது நல்லது, சகோதரரும் அப்படியே செய்தார். விட்டுப்போன முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு, கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்குத் தாக்கல் செய்யும் வழி இருக்கிறது. அதற்கான Form 67-ஐ அந்தக் கணக்கைப் போடும் நாளுக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ்த் தங்களிடம் உள்ள தகவலை அதிகாரி முறையாகத் தெரிவித்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆகவே குறுஞ்செய்தி வந்த நேரத்திலேயே செயல்படுவதுதான் சரி.

இத்தகைய செய்தி வந்தவர்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும்போது பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், ஏஜெண்டின் கணக்குத் தாள், மலேசிய வங்கித் தாள், வரி ரசீது ஐந்தையும் கையோடு கொண்டு வாருங்கள். செய்தியில் உள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். வருமான வரி இணையதளத்தில் நேரடியாக நுழைந்து, அதே தகவல் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகு மேற்கொண்டு செய்யுங்கள்.